பத்தமடைப் பாயும் பத்து முதல் நூறு வரையும்

பத்தமடையில் கல்யாணப் பாய் விற்கும் ஒருவர் இணையத்தில் விளம்பரம் கொடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, சாயமேற்றி, மணமக்கள் பெயரையும் திருமணத் தேதியையும் சேர்த்து நெய்து தரும் பட்டுப்பாய். ஒரு பாய்க்கு வாரக்கணக்கில் உழைப்பு. இப்படிப்பட்ட பொருளை ‘mat’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு விளம்பரப்படுத்தினால், யோகா விரிப்பும் மிதியடியும் தேடுகிறவர்கள் கிளிக் செய்து பணத்தைக் கரைத்துவிடுவார்கள். ஆகவே நீளமான, குறிப்பான தேடல் தொடர்களைப் பிடி என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் பாடம். அதற்குக் கருவியாகக் கூகுள் ஆட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கீவேர்ட் பிளானரைக் காட்டுவார்கள்.

பாடம் சரிதான். கருவிதான் அந்தப் பாடத்துக்கு முழுதாகப் பொருந்தவில்லை. தேடல் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வாங்கும் எண்ணம் தெளிவாகத் தெரியும். அதே அளவுக்குப் பிளானரின் பார்வை மங்கிவிடும்.

முதலில் அது நன்றாகச் செய்யும் வேலையைச் சொல்லிவிட வேண்டும். `Discover new keywords` பகுதியில் ‘pathamadai pai’ என்று இட்டால், மக்கள் உண்மையில் எப்படியெல்லாம் தட்டச்சு செய்கிறார்கள் என்பது ஓரளவு தெரியவரும். 2018-லேயே கூகுள் விளம்பரங்களில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. என்றாலும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிற பழக்கம் போகவில்லை. pathamadai, pattamadai, korai pai, கோரைப்பாய் என்று ஒரே பொருளுக்குப் பல வடிவங்கள். கடைக்காரர் தன் மனதில் வைத்திருக்கும் பெயரும் வாங்குபவர் தேடும் பெயரும் வேறு என்பதை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

வாங்கும் எண்ணத்தை மட்டும் பிளானர் சொல்லாது. அப்படி ஒரு நெடுவரிசையே அதில் கிடையாது. `Competition` என்ற இடத்தில் `High` என்றிருந்தால் வாங்குபவர் நிறைய என்று பலர் படித்துவிடுகிறார்கள். அது, அந்தத் தொடருக்கு எத்தனை விளம்பரதாரர்கள் மோதுகிறார்கள் என்பதை மட்டும் காட்டும் அளவு. `Low` என்பதற்கு, இதுவரை யாரும் முயன்று பார்க்கவில்லை என்றும் பொருள் இருக்கலாம்.

எனவே எண்ணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை மனிதருடையது. பத்தமடை என்று மட்டும் தேடுபவர் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊரைத் தேடுபவராக இருக்கலாம். ‘pathamadai pai making’ என்பது பள்ளித் திட்டப்பணிக்காக இருக்கலாம். ‘price’ சேர்ந்தால் கொஞ்சம் நம்பலாம். ஆனால் மொத்த வியாபாரியும் அதைத்தான் தட்டுவார். ‘wedding mat with names’ என்று தேடுபவர் கையில் கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. என் கணிப்பில், ‘buy’, ‘online’ போன்ற பொதுச் சொற்களைவிட அளவு, பெயர், தேதி, ஊர் போன்ற விவரச் சொற்களே வாங்குபவரைக் காட்டிக்கொடுக்கும். ஏனென்றால் விவரம் கேட்பவர் முடிவில் பாதியை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்.

அந்த நல்ல தொடரைப் பிளானரில் இட்டுப் பார்த்தால் என்ன வரும்? செலவு செய்யாத, அல்லது மிகக் குறைவாகச் செய்யும் கணக்குக்கு 2016-இலிருந்து துல்லிய எண் தருவதில்லை. `10 – 100` என்று ஒரு வீச்சுதான். ஒரு மாதத்தில் பத்துப் பேரா நூறு பேரா என்பது கடைக்காரருக்குப் பெரிய வேறுபாடு. பத்தில் ஒருவர் விளம்பரத்தைக் கிளிக் செய்தாலும், ஒரு கிளிக்குக்கும் பத்து கிளிக்குக்கும் இடையில் நாம் நிற்கிறோம். இதை வைத்து மாதச் செலவு கணிப்பது வீண்வேலை. எழுத்து மாற்றங்களையும் பிளானர் பல நேரம் ஒன்றாகச் சேர்த்து ஒரே எண்ணைக் காட்டும். நான்கு வடிவங்களுக்கும் ஒரே எண் வந்தால் அதை நான்கால் பெருக்கக் கூடாது. அது பெரும்பாலும் ஒரே கூட்டம்தான்.

மாதச் சராசரியும் ஏமாற்றும். அது பன்னிரண்டு மாதங்களை ஒன்றாக்கிய எண். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாத நாட்டில், கல்யாணப் பாய்க்குச் சராசரி மாதம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? மாதவாரிப் பட்டைகளைப் பிரித்துப் பார்ப்பதே பயன். நெய்யும் காலத்தைக் கழித்து, முகூர்த்த மாதத்துக்கு முன்பே விளம்பரம் தொடங்க வேண்டும்.

விலைக்கு வருவோம். `Top of page bid` இரண்டு எண்களாக வரும். பக்கத்தின் மேற்பகுதியில் இடம்பிடிக்க விளம்பரதாரர்கள் கடந்த காலத்தில் கொடுத்த விலைகளின் கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் அவை. சிறு தொடர்களுக்கு அந்த விளம்பரதாரர்களே சிலர்தான். சில நேரம் எண்ணே வராமல் வெறும் கோடுதான் வரும். எனவே பிளானரின் விலையிலிருந்து தொடங்காமல், பாயின் லாபத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே பத்திரம்.

உதாரணக் கணக்கு ஒன்று. பாய் விலை 5,000 ரூபாய். நெசவுக்கூலி, சாயம், கூரியர் எல்லாம் போக 800 மிச்சம். நூறு கிளிக்கில் ஒருவர் வாங்குவார் என்று எடுத்துக்கொண்டால், ஒரு கிளிக்குக்கு 8 ரூபாய் கொடுத்தாலே லாபம் முழுதும் போய்விடும். விளம்பரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவுள்ளவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பதிவில்லாத சிறு கடைக்காரருக்கு அது செலவுதான். அவருடைய உச்சவரம்பு ஏறத்தாழ 6.80 ரூபாய்க்கு இறங்கிவிடும். பிளானர் 5 முதல் 18 வரை காட்டினால் கீழ்ப்பக்கத்தில் மட்டும் அவருக்கு இடம் இருக்கிறது. 18 ரூபாய்க்குப் போனால் ஒரு பாய் விற்க வரியோடு 2,124 ரூபாய் செலவு. இந்தக் கணக்கில் பலவீனமான எண் அந்த ‘நூறில் ஒன்று’. அதைப் பிளானர் தர முடியாது. அதன் முன்கணிப்புப் பக்கத்தில் விற்பனை விகிதம் ஒன்று இருக்கும், அதுவும் அனுமானம்தான்.

அந்த ‘நூறில் ஒன்று’ சரியா என்று சோதிக்கச் சிறு தொகை போதும். முகூர்த்தக் காலத்துக்கு முன் 3,000 ரூபாய். வரி போக ஏறத்தாழ 2,540. ஏழு ரூபாய் வீதம் 360 கிளிக்குகள். அத்தனை கிளிக்குக்கும் ஒரு பாய்கூட விற்கவில்லை என்றால் ‘நூறில் ஒன்று’ என்பது பெரும்பாலும் தவறு. சொற்பொருத்தத்தை `Phrase match` என்று வைக்க வேண்டும். தானாக அமையும் `Broad match`-ஐ விட்டுவிட்டால் ‘pai’ என்பதைத் துணிப்பை தேடுபவர் வரை நீட்டிவிடும். ‘sivananda’, ‘yoga’, ‘bag’ போன்றவற்றை எதிர்ச்சொற்களாகச் சேர்க்கலாம். இடத்தைத் திருநெல்வேலி மாவட்டத்தோடு நிறுத்துவதும் தவறு. பாயைப் பேருந்தில் போய் வாங்கும் தூரத்தில் இருப்பவருக்கு விளம்பரம் எதற்கு? சென்னை, கோவை, பெங்களூரு, துபாய்தான் சந்தை.

இந்தச் சோதனையில் நான் கவனிக்கச் சொல்வது பணம் கரையும் வேகத்தை. குறிப்பான தொடர்களுக்குத் தேடுபவரே குறைவு. பணம் மெல்லத்தான் போகும், சில தொடர்களுக்கு `Low search volume` என்று எழுதி விளம்பரமே காட்டாது. 3,000 ரூபாயும் நான்கு நாளில் தீர்ந்துவிட்டால் மகிழ வேண்டாம். யாரோ சம்பந்தமில்லாதவர்கள் கிளிக் செய்திருக்கிறார்கள். `Search terms` அறிக்கையைத் திறந்தால் அவர்கள் என்ன தேடினார்கள் என்று தெரியும். ஆனால் 2020 செப்டம்பரிலிருந்து போதிய பேர் தேடாத சொற்களை அந்த அறிக்கையில் கூகுள் மறைத்துவிடுகிறது. அப்படி மறைவதும் பெரும்பாலும் இந்த நீண்ட தொடர்களே. மறைந்த பகுதியைக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் பிடிக்கலாம். விசாரிக்க வருகிறவரிடம் “என்னன்னு தேடி வந்தீங்க?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், பிளானரும் அறிக்கையும் தராத சொற்கள் நோட்டில் சேரும். அடுத்த முகூர்த்தக் காலத்துக்கு அந்த நோட்டைத்தான் பிளானரில் இட வேண்டும்.