பாட்டி சொன்னதும் படம் சொன்னதும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவரை, எங்கள் வட்டத்து இளைஞர் சிலர் பேட்டி கண்டு ஒலிப்பதிவு செய்தனர். பதிவு 94 நிமிடம் நீண்டது. எழுதி எடுத்தபோது 41 பக்கம் வந்தது. இதனைப் பன்னிரண்டு நிமிட ஆவணப்படமாக்குவது அவர்கள் நோக்கம். பின்னணி உரையின் முதற்படியை என்னிடம் காட்டினார்கள். படித்துப் பார்த்து, நன்று என்று நானும் கூறினேன். அப்படி நான் கூறியது பிழை. அந்தப் பிழை எங்கே பிறந்தது, எப்படித் திருத்தப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மூதாட்டியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்த்து, அவரைப் பாட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

முதற்படி இவ்வாறு தொடங்கியது: 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளக்க வந்தது, 1929இல் ரஸ்ஸல் என்பார் தேயிலைத் தோட்டம் தொடங்கியது, பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற மலைச்சரிவுகள், பனிமூட்டம். இவற்றுக்கே ஒரு நிமிடத்திற்கு மேல் செலவாயிற்று. ஆண்டுகளில் தவறில்லை. ஆனால் பாட்டியின் கதைக்கு அவை வேண்டியிருக்கவில்லை. மலைச்சரிவின் பசுமையைத் திரை காட்டிக்கொண்டிருக்கும்போது அதையே குரலும் சொல்வது கூறியது கூறலாகும். படமும் பாட்டியின் வாய்மொழியும் தரமுடியாததை மட்டுமே பின்னணி உரை தரவேண்டும். ஓர் ஆண்டு, ஓர் இடம், ஒரு சட்டத்தின் பெயர் ஆகியவை அத்தகையன. பிரிட்டனில் 1935இல் ஆன்ஸ்டியும் எல்ட்டனும் எடுத்த 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்னும் படத்தில், இடிந்த வீடுகளில் வாழ்ந்தவர்களே ஒளிப்படக் கருவியின் முன் நின்று தம் நிலையைக் கூறினர். பேசத் தெரிந்தவர் எதிரில் இருக்கும்போது அவருக்காக வேறொருவர் பேசவேண்டியதில்லை என்பதற்கு அஃது ஒரு பழைய சான்று.

ஆனால் இதனினும் பெரிய குறை ஒன்று முதற்படியில் இருந்தது. அதன் நடுப்பகுதியில் இவ்வாறு ஒரு வாக்கியம் வந்தது: "கணவர் தாயகம் திரும்பிவிட, தனிமரமாய் நின்ற அவர், இரு பிள்ளைகளையும் கொழுந்துக் கூடையைச் சுமந்தே வளர்த்தார்." செறிவான வாக்கியம், ஓசையும் உண்டு. எனக்குப் பிடித்திருந்தது. படத்தை முடிப்பதற்கு முன் உரையைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "எல்லாம் சரிதான் ஐயா. ஆனா அவரு அப்படிப் போகலையே."

உடனே எழுத்துப்படிக்குத் திரும்பினோம். பதினோராவது நிமிடத்தில் பாட்டி கூறியது இரண்டே வாக்கியம்: "அவரு போயிட்டாரு. நான் இருந்துட்டேன்." இதற்கு மேல் அவ்விடத்தில் எதுவும் இல்லை. உடனே பேச்சு மகளின் திருமணத்திற்குப் போய்விடுகிறது. இந்த இரண்டு வாக்கியங்களிலிருந்துதான் 'திரும்பிவிட' என்பது உருவானது. தமிழாசிரியர்கள் இதனை எளிதில் காண்பர். பேச்சில் 'போயிட்டாரு' என்பதிலுள்ள 'விடு' என்னும் துணைவினை, செயல் முடிந்ததை மட்டுமே உணர்த்துகிறது. அதனையே எழுத்துக்குக் கொண்டுவந்து, 'திரும்பிவிட' என்று செயவென் எச்சமாக்கி, 'தனிமரமாய் நின்ற' என்பதோடு இணைத்தவுடன், கைவிட்டுப் போனவர் என்ற பொருள் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. 'தாயகம்', 'திரும்பி' என்பனவும் பாட்டியின் சொற்கள் அல்ல. அவர் கணவர் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். நினைவில் இல்லாத ஊருக்குப் போனவரைத் திரும்பினார் என்பது எவ்வாறு பொருந்தும்?

அப்படியானால் அவர் எப்படிப் போனார்? விடை 63ஆம் நிமிடத்தில் இருந்தது. அங்கே பாட்டி பேசிக்கொண்டிருந்தது கொழுந்து நிறுப்பதைப் பற்றி. "தராசுல நிறுத்துக் கிராணி எழுதுவாரு. மழைநாள்ல ஈரத்துக்குன்னு கொஞ்சம் கழிச்சுக்குவாரு. நல்ல மனுசன்தான். பாவம், அவருதான் அந்தப் பேரெல்லாம் எழுதினாரு, சிவப்பு ஐசிக்காரங்க பேரு. பெர்மிட்டு வந்தா இருக்கலாம்னாங்க. எங்க வீட்டுக்கு வரல." இதன்பின் பேச்சு மீண்டும் தராசுக்கே போய்விடுகிறது.

இளைஞர்கள் இதனைக் கவனிக்காமல் போனதற்குக் காரணம் அவர்கள் கையாண்ட முறையே. எழுத்துப்படி முழுவதையும் வேலை, குடும்பம், தோட்ட நிருவாகம் என்று மூன்று வண்ணங்களில் கோடிட்டுப் பிரித்திருந்தனர். பதினோராவது நிமிடம் குடும்பத்தில் சேர்ந்தது. 63ஆம் நிமிடம் நிருவாகத்தில் சேர்ந்தது. நிருவாகப் பகுதி படத்திற்கு வேண்டாம் என்று பின்னர் நீக்கப்பட்டது. அப்பகுதியில் 'கணவர்' என்ற சொல்லே இல்லை. கணவரைப் பெயர்சொல்லி அழைக்காத தலைமுறையைச் சேர்ந்தவர் பாட்டி. 'எங்க வீட்டுக்கு வரல' என்றால் அவருக்கு வரவில்லை என்பது பொருள். இதைத் தலைப்பு வாரியாகத் தேடியவரால் கண்டுகொள்ள முடியவில்லை.

ஆகவே இரண்டாம் முறை வேறு வழியை மேற்கொண்டோம். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனி அட்டையில் எழுதினோம். அட்டையின் மேல் மூலையில் நிமிடக் குறிப்பு. அடியில் இரண்டு குறிப்புகள். கண்டு சொன்னதா, கேட்டுச் சொன்னதா என்பது முதற்குறிப்பு. எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தார் என்பது இரண்டாவது. இந்த இரண்டாம் குறிப்புத்தான் எங்களுக்குக் கண் திறந்தது. முதியவர் பேச்சு கால வரிசையில் செல்வதில்லை. ஆள், பொருள், ஒலி ஆகியவற்றைத் தொட்டுத் தொட்டுச் செல்கிறது. பாட்டி தராசிலிருந்து கிராணிக்கும், கிராணியிலிருந்து பெயர்ப் பட்டியலுக்கும், அதிலிருந்து தம் வீட்டிற்கும் வந்திருக்கிறார். நமக்கு அலைச்சலாகத் தோன்றுவது அவர்தம் நினைவின் வழி. வெட்டுவதற்கு முன் அவ்வழியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஆண்டைக் கணக்கிட்டோம். பாட்டி ஓர் ஆண்டையும் எண்ணால் கூறவில்லை. ஆனால் "டேம் கட்டி முடிச்சப்பதான் மூத்தவன் நடக்கப் பழகினான்" என்றார். ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபூபக்கர் அணை 1963இல் கட்டி முடிக்கப்பட்டது. எனவே மூத்த மகன் பிறந்தது 1962 அளவில். "அவன் முதல் வகுப்புல சேர்ந்த வருசந்தான் அவரு கப்பல் ஏறினாரு" என்பது மற்றோர் இடத்தில் வருகிறது. ஏழாவது வயதில் முதல் வகுப்பு. ஆகவே ஆண்டு 1969 அளவில் வரும். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெறவேண்டியதாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தமிழகத்திற்குக் கப்பலேறிய காலம் அது. பாட்டியின் கணக்கும் சட்டத்தின் கணக்கும் பொருந்தின. ஆயினும் குழந்தை நடை பழகும் மாதத்தை யாரும் அறுதியிட்டுக் கூற முடியாது. எனவே '1969இல்' என்று எழுதாமல், '1969ஐ ஒட்டி' என்றே எழுதினோம்.

இவற்றைக் கொண்டு படத்தை நான்கு பகுதிகளாக வகுத்தோம். ஒவ்வொரு பகுதியும் ஒரே வினாவிற்கு விடை கூறவேண்டும் என்பது விதி. முதற்பகுதி, ஒரு நாள் எப்படிக் கழிந்தது: விடியற்காலைப் பெரட்டு முதல் மாலைத் தராசு வரை, மூன்று நிமிடம். இரண்டாம் பகுதி, அவர் ஏன் போனார்: நான்கு நிமிடம். மூன்றாம் பகுதி, போனபின் என்ன வந்தது: கடிதங்கள், பின்பு கடிதம் நின்றது, இரண்டு நிமிடம். நான்காம் பகுதி, வேலை எப்படி மாறியது: விரலால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரியாலும், பிறகு இருவர் பிடித்துச் செல்லும் பொறியாலும் வெட்டத் தொடங்கியது, மூன்று நிமிடம். முதற்பகுதி தராசில் முடிவதும் இரண்டாம் பகுதி தராசில் தொடங்குவதும் எங்கள் கற்பனையல்ல. பாட்டி சென்ற வழியே அது. அவ்விடத்தில் இணைப்புரை தேவைப்படவேயில்லை.

இரண்டாம் பகுதியின் பின்னணி உரை இப்போது இவ்வளவே: "1968ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும். அவர்களின் அடையாள அட்டை சிவப்பு நிறம்." இது பதினேழு சொற்களில் அடங்கும். நிமிடத்திற்குத் தொண்ணூறு சொல் என்பது நாங்கள் கைக்கொண்ட அளவு. அதன்படி ஏறத்தாழப் பதினொரு விநாடி. அதன்பின் 63ஆம் நிமிடத்துப் பாட்டியின் குரல். அதை அடுத்து, வேறெதுவும் இடையிடாமல், பதினோராவது நிமிடத்தின் இரண்டு வாக்கியங்கள்: "அவரு போயிட்டாரு. நான் இருந்துட்டேன்." ஐம்பத்திரண்டு நிமிட இடைவெளியில் கிடந்தவற்றை அருகருகே வைத்தோம், சொல் எதனையும் மாற்றவில்லை. இடமாற்றம் செய்ய நமக்கு உரிமை உண்டா என்று மாணவர் கேட்கலாம். இரண்டும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றியவை என்று பேசியவரே உறுதிசெய்தால் உண்டு. பாட்டி உறுதிசெய்தார்.

ஒரு சொல்லை மட்டும் எழுதாமல் தவிர்த்தோம். அனுமதி 'மறுக்கப்பட்டது' என்று எழுத இளைஞர்களுக்கு ஆவல். அவ்வாறு எழுதினால் பகுதி இன்னும் கூர்மை பெறும். ஆனால் பாட்டி கூறியது 'வரல' என்பதே. கேட்டு மறுத்தார்களா, தாமதமாயிற்றா, விண்ணப்பமே போகவில்லையா என்பது அவருக்கும் தெரியாது. அவர் அறியாததைப் படம் அறிந்ததுபோல் பேசலாகாது. 'ஆகையால்', 'எனவே' என்னும் இடைச்சொற்களையும் இப்பகுதியிலிருந்து முழுவதும் நீக்கினோம். பேசியவர் காட்டாத காரணத்தை அவை ஓசையின்றிப் புகுத்திவிடுகின்றன.

திருத்திய படியை இரண்டாம் முறையும் பாட்டிக்குப் படித்துக் காட்டினோம். ஒலித்துண்டுகளையும் போட்டுக் காட்டினோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கிராணியைப் பத்தி நான் ஒண்ணு சொன்னேனே, அது எங்க?" என்று கேட்டார். "நல்ல மனுசன்தான். பாவம்" என்ற சொற்களை, நேரத்தை மிச்சப்படுத்தவென்று நாங்கள் வெட்டியிருந்தோம். அவை இல்லாமல் கேட்டால், ஈரத்திற்குக் கழித்தவரும் பெயர் எழுதியவரும் ஒரு கொடியவராகவே தோன்றுகிறார். "அவரு பிள்ளைங்க இன்னும் இங்கதான் இருக்காங்க" என்றார் பாட்டி. அச்சொற்களை மீண்டும் சேர்த்தோம். படம் இரண்டு விநாடி நீண்டது.