போனவர் பெயரில் ஒரு நாற்காலி

இயற்பியல் ஆய்வகத்தில் கருவிகளைக் கொடுத்து வாங்கும் பதிவேட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாணவர் கையெழுத்திட்டு நிறமாலைமானியைப் பெறுகிறார். திருப்பிக் கொடுக்கும்போது மீண்டும் கையெழுத்திடுகிறார். கையெழுத்திடாமல் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. ஏட்டில் 'வெளியே' என்றிருக்கும். கருவியோ மேசைமேல் இருக்கும். உதவியாளர் மேசையைப் பார்த்து ஏட்டைத் திருத்திவிடுவார்.

கணிப்பொறி மென்பொருளுக்கும் இப்படி ஓர் ஏடு உண்டு. விலையுயர்ந்த மென்பொருளைக் கணிப்பொறிக்கு ஒன்றாக வாங்காமல், கல்லூரி முழுமைக்கும் பத்து உரிமங்கள் என்று வாங்குவார்கள். ஐம்பது கணிப்பொறிகளில் எதிலிருந்தும் திறக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் பத்துப் பேர்தாம். இதனை மிதக்கும் உரிமம் என்பர். ஒவ்வோர் உரிமமும் ஓர் 'இருக்கை'. இருக்கைகளை எண்ணிக் கொடுக்க ஒரு சர்வர் இருக்கும். 1980-களின் இறுதியில் வந்து, இன்று ஃபிளெக்ஸ்நெட் என்ற பெயரில் வழங்கும் உரிம நிரல் இவ்வகையில் பலரும் அறிந்தது.

இந்த ஏட்டில் ஒரு குறை உண்டு. அதை இங்கே ஆராய்வோம். ஆய்வகத்தில் திருப்பிப் பார்க்க ஒரு மேசை இருக்கிறது. இங்கே மேசையே இல்லை, ஏடு மட்டும்தான். ஏடு பிழைபட்டால் அதைக் காட்டிக்கொடுக்க வேறு பொருள் இல்லை.

ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். செய்முறை வகுப்பு காலை 10 முதல் 1 மணி வரை. பத்து மாணவர்கள் 10.05-க்குப் பத்து இருக்கைகளையும் எடுத்துக்கொண்டார்கள். 10.40-க்கு மின்சாரம் போயிற்று. மாணவர்களின் கணிப்பொறிகள் அணைந்தன. மின்கல ஆதரவுள்ள சர்வர் மட்டும் அணையவில்லை. 10.46-க்கு மின்சாரம் வந்தது. மாணவர்கள் மீண்டும் மென்பொருளைத் திறக்கிறார்கள். 'உரிமங்கள் அனைத்தும் பயன்பாட்டில் உள்ளன' என்று பதில் வருகிறது. யார் பயன்படுத்துகிறார்கள்? ஆறு நிமிடத்துக்கு முன் மறைந்துபோன அவர்களே! (ஒருவர் அதே கணிப்பொறியிலிருந்து மறுபடி கேட்டால் பழைய இருக்கையையே தரும் வகை உரிமங்களும் உண்டு. இங்கே திறக்கும் ஒவ்வொரு முறைக்கும் தனி இருக்கை என்று கொள்வோம்.)

ஏன் இப்படி? மாணவரின் நிரலுக்கும் சர்வருக்கும் இடையே ஓர் இணைப்பு இருக்கிறது. நிரலை முறையாக மூடினால் 'இருக்கையைத் திருப்பித் தருகிறேன்' என்று அது சொல்லிவிட்டுப் போகும். நிரல் மட்டும் பழுதாகி விழுந்தாலும் பெரும்பாலும் கேடில்லை. இயங்கு முறை உயிரோடு இருப்பதால், இறந்த நிரலின் இணைப்பை அதுவே மூடி, சர்வருக்குச் செய்தி அனுப்பிவிடும். இருக்கை சில நொடிகளில் திரும்பும். ஆனால் மின்சாரமே போனால் நிரலும் இயங்கு முறையும் ஒருங்கே மறைகின்றன. விடைபெறுவதற்கு ஆள் இல்லை.

சர்வரின் நிலையில் இருந்து பாருங்கள். அதற்கு வந்திருப்பது மௌனம் மட்டுமே. மாணவர் பேசாமல் சிந்தித்துக்கொண்டிருந்தாலும் மௌனம்; மின்சாரம் போனாலும் மௌனம். சர்வர் தானாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். மறுபடி தொடங்கிய கணிப்பொறி, 'அப்படி ஓர் இணைப்பு என்னிடம் இல்லையே' என்று உடனே மறுத்திருக்கும். சர்வரோ காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறதே அன்றி, வாயைத் திறப்பதில்லை.

இயங்கு முறை ஒரு நாள் கேட்டுப் பார்க்கும் என்பது உண்மை. இணைப்பு உயிரோடு உள்ளதா எனச் சோதிக்கும் ஏற்பாடு உண்டு. நிரல் எழுதியவர் வேண்டினால் மட்டுமே அது செயல்படும். எவ்வளவு நேரம் கழித்து? 1989-இல் வெளியான இணைய விதித்தொகுப்பு, இயல்பான இடைவெளி இரண்டு மணிக்குக் குறையக் கூடாது என்கிறது. லினக்ஸில் இயல்பான அளவுகள் இவை:

```
net.ipv4.tcp_keepalive_time = 7200
net.ipv4.tcp_keepalive_intvl = 75
net.ipv4.tcp_keepalive_probes = 9
```

7200 நொடி மௌனத்துக்குப் பின் முதல் கேள்வி. பதில் இல்லையேல் 75 நொடிக்கு ஒன்றாக மொத்தம் 9 கேள்விகள். நம் சர்வர் இதை மட்டுமே நம்பியிருக்கிறது என்று கொள்ளுங்கள். மீண்டும் தொடங்கிய கணிப்பொறிகள் முதல் கேள்விக்கே மறுப்புச் சொல்லும். அவற்றின் இருக்கைகள் ஏறத்தாழ 12.40-க்கு விடுபடும். அணைந்தே கிடக்கும் கணிப்பொறிக்கு இன்னும் 9 × 75 = 675 நொடி கூட்ட வேண்டும்; மொத்தம் 7875 நொடி, அதாவது 2 மணி 11 நிமிடம். வகுப்பு முடிவதோ 1 மணிக்கு! ஆறு நிமிட மின்தடை இரண்டு மணி நேரப் பாடத்தை விழுங்கிவிட்டது. அந்தச் சோதனையும் இயக்கப்படவில்லையென்றால், யாராவது வந்து அகற்றும்வரை அந்தப் பத்துப் பேரும் போகமாட்டார்கள்.

இனி, இருப்பவரையும் போனவரையும் எப்படிப் பிரித்தறிவது? ஃபிளெக்ஸ்நெட்டில் `lmstat -a` என்று கேட்டால் இவ்வாறு விடை வரும்:

```
Users of fem_solver: (Total of 10 licenses issued; Total of 10 licenses in use)
  stu04 lab-pc04 :0 (v5.0) (licsrv/27000 412), start Tue 7/8 10:05
```

கடைசியில் உள்ள நேரத்தைக் கவனியுங்கள். இருக்கை 10.05-க்கு எடுக்கப்பட்டது. இப்போது `lab-pc04` என்ற அந்தக் கணிப்பொறிக்குப் போய் `uptime -s` என்று கேளுங்கள். அது எப்போது தொடங்கியது என்பது தெரியும்: 10.46. கணிப்பொறி பிறப்பதற்கு நாற்பத்தொரு நிமிடம் முன்பே அதில் ஒருவர் உட்கார்ந்திருக்க முடியுமா? எனவே இது போனவர் இருக்கை, ஐயமே இல்லை. வரிசையில் உள்ள 412 என்னும் எண்ணைக் கொண்டு அதை அகற்றலாம்:

```
lmremove -c college.lic -h fem_solver licsrv 27000 412
```

ஆனால் இந்தச் சோதனைக்கு அகப்படாத வகை ஒன்றும் உண்டு. திரையில் சாளரம் மறைந்துவிடும்; மாணவர் 'நிரல் விழுந்துவிட்டது' என்று எழுந்து போய்விடுவார். பின்னணியில் கணக்கிடும் துணை நிரல் மட்டும் உயிரோடு இருந்து இருக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கே கணிப்பொறி அணையவில்லை, இணைப்பும் உண்மையானதே. எவ்வளவு குறுகிய காலக்கெடு வைத்தாலும் இது விடுபடாது. `lmremove` கொண்டு அகற்றினாலும், உயிரோடுள்ள நிரல் இருக்கையை மறுபடி எடுத்துக்கொள்ளக் கூடும். அந்தக் கணிப்பொறியில் ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்த்து அனாதை நிரலை முடிப்பதே வழி. முடித்தால் இயங்கு முறை இணைப்பை மூடும். இருக்கை தானே திரும்பும்.

பல இடங்களில் இவ்வளவு தூரம் போவதில்லை. சர்வர் நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்குவார்கள், ஏடு வெறுமையாகும், சிக்கல் தீர்ந்தது போலத் தோன்றும். இதில் உயிரோடு வேலை செய்துகொண்டிருப்பவரின் பெயரும் அழிகிறது. நல்ல நிரல்கள் தாமே மீண்டும் பதிந்துகொள்ளும். அவ்வாறு எழுதப்படாத நிரல் நின்றுவிடும். மூன்று மணி நேரமாக ஓடிய கணக்கு வீணாகும்.

என் கண்டனம் அந்த வரியில் உள்ள `in use` என்ற இரு சொற்கள் மீதுதான். சர்வர் அறிந்தது 'கொடுத்தேன், திரும்பி வரவில்லை' என்பது மட்டும். அதை 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதுவது அளக்காததை அளந்ததாகச் சொல்வது. செய்முறைக் குறிப்பேட்டில் மாணவர் இப்படி எழுதினால் நாம் சிவப்பு மையால் அடிப்போம். இந்த எண்ணை நம்பி, 'பத்தும் எப்போதும் நிரம்பியிருக்கின்றன; இன்னும் ஐந்து வாங்குவோம்' என்று நிதி ஒதுக்கும் கல்லூரி, போனவர்களுக்கு நாற்காலி வாங்கிக் கொடுக்கிறது. அடுத்த மின்தடையில் பதினைந்தும் நிரம்பும்.

சரியான வழி புதிதன்று. 1989-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கேரி கிரே, டேவிட் செரிட்டன் இருவரும் கோப்புகளைப் பகிர்வதற்காக 'குத்தகை' என்னும் முறையை முன்வைத்தார்கள். எதையும் காலவரையின்றிக் கொடுக்காதே. குறித்த காலத்துக்குக் கொடு. வேண்டுபவர் கெடு முடியுமுன் புதுப்பிக்கட்டும் என்பது அதன் சாரம். புதுப்பிக்காதவர் உரிமை தானாக முடியும். விடைபெறும் பொறுப்பு போனவரிடமிருந்து நீங்கி, 'இருக்கிறேன்' என்று சொல்லும் பொறுப்பு இருப்பவரிடம் வருகிறது. இறந்தவரால் இயலாத வேலையை அவரிடம் ஒப்படைப்பதில்லை.

நம் வகுப்புக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பத்து நிமிடம் வராவிட்டால் இருக்கை போகும் என்று வைத்தால், 10.50-க்குள் பத்து இருக்கைகளும் திரும்பியிருக்கும். மின்சாரம் வந்தபின் இழப்பு நான்கே நிமிடம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. வலைக்கம்பி பதினொரு நிமிடம் கழன்றிருந்தால், உயிரோடிருப்பவரும் இருக்கையை இழப்பார். அதற்குள் வேறொருவர் அதை எடுத்திருந்தால் திரும்பப் பெற முடியாது. கெடுவைக் குறைத்தால் இருப்பவரைப் போனவர் என்று தவறாக எண்ணுவோம். கூட்டினால் போனவருக்காகக் காத்திருப்போம். இரு பிழைகளையும் ஒருங்கே ஒழிக்கும் எண் எதுவும் கிடையாது. ஆயினும் பத்து நிமிடமா, அரை மணியா என்று சிந்தித்துத் தேர்ந்தெடுப்பது வேறு. கோடிக்கணக்கான இணைப்புகளுக்குப் பொதுவாக வைத்த இரண்டு மணி நேரத்தைத் தேர்வே இல்லாமல் ஏற்றுக்கொள்வது வேறு.

ஆகவே உங்கள் கல்லூரியில் இத்தகைய மென்பொருள் வாங்கும்போது விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: 'என் கணிப்பொறியின் மின்கம்பியைப் பிடுங்கினால், இருக்கை எத்தனை நிமிடத்தில் திரும்பும்?' விடை சொன்னால், பிடுங்கிப் பார்த்து நேரத்தை அளந்துகொள்ளுங்கள்.