கொத்து பரோட்டா விற்றால் வெங்காயம் குறைய வேண்டும்: ஓடூவுடன் ஒரு கிளவுட் கிச்சன்

சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் பக்கங்களில் வீட்டு மாடியிலும் கடைக்குப் பின்கட்டிலும் நடக்கும் கிளவுட் கிச்சன்களில் பில் போடும் மென்பொருள் இல்லாத இடம் அபூர்வம். ஆனால் அதில் பலவும் பணக் கணக்கோடு நின்றுவிடும். இன்று நாற்பது கொத்து பரோட்டா விற்றது என்று சொல்லும். அதற்கு எவ்வளவு வெங்காயம் போனது என்று சொல்லாது. தாம்பரம் மார்க்கெட்டில் மறுநாள் காலை எவ்வளவு வாங்குவது என்பது மாஸ்டரின் கண்மதிப்பு.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஓடூவை எடுத்துப் பார்த்தேன். 2005-ல் பெல்ஜியத்தில் டைனி ஈஆர்பி என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் இது. பெட்பூஜா போன்ற இந்திய பில்லிங் மென்பொருள்களிலும் ரெசிபி வசதி உண்டு. ஆனால் ஓடூவின் கம்யூனிட்டி பதிப்பை நம் சொந்தக் கணினியில் காசில்லாமல் நிறுவலாம். பில்லிங், ஸ்டாக், தயாரிப்பு மூன்றும் அதிலேயே வந்துவிடும். அதனால் சோதிக்க எளிது. தாம்பரம் பக்கத்துச் சின்ன கிச்சன் ஒன்றில் இதைப் பொருத்தி, கொத்து பரோட்டாவை மட்டும் ஒரு வாரம் முழுதாகத் தொடர்ந்தோம்.

முதலில் ரெசிபி. ஓடூவில் இதற்குப் பெயர் Bill of Materials. ஒரு ப்ளேட்டுக்கு பரோட்டா 2, முட்டை 1, வெங்காயம் 60 கிராம், எண்ணெய் 15 மில்லி, சால்னா 180 மில்லி (கல்லில் ஊற்றுவதும் கூடவே கொடுப்பதும் சேர்த்து), டப்பா 1. கேட்க எளிது. ஆனால் 60 கிராம் என்பது நறுக்கிய வெங்காயத்தின் எடை. ஸ்டாக்கில் இருப்பதோ தோலோடு வாங்கிய வெங்காயம். அந்த கிச்சனில் ஒரு கிலோவை உரித்து நிறுத்தபோது 880 கிராம்தான் நின்றது. 60-ஐ 0.88-ஆல் வகுத்தால் 68 கிராம். ரெசிபியில் எழுத வேண்டியது இந்த 68. இதைச் செய்யாத ரெசிபி ஒவ்வொரு ப்ளேட்டிலும் 8 கிராம் பொய் சொல்லும்.

அளவு அலகை எடுத்த எடுப்பிலேயே தீர்மானித்துவிட வேண்டும். ஓடூவில் அளவுகள் வழக்கமாகத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்தான். மிளகுத்தூளின் ஸ்டாக்கை கிலோவில் வைத்து, ரெசிபியில் 3 கிராம் என்று போட்டால், அது 0.003 கிலோ, முழுமையாக்கும்போது பூஜ்யமாகிவிடும். ஒவ்வொரு பில்லாகக் கழியும்போது நூறு ப்ளேட் விற்றாலும் மிளகு குறையாமல் போகலாம். மசாலாப் பொருள் அனைத்தையும் கிராமில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய்க்கு வேறு சிக்கல். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். எடையையும் கொள்ளளவையும் ஓடூ தானாக மாற்றிக்கொள்ளாது. கரண்டியால் ஊற்றுகிற பொருள் என்பதால் வாங்குவது, ரெசிபி, மிச்சம் எல்லாவற்றையும் மில்லியிலேயே வைத்தோம்.

இனி முக்கியமான கேள்வி: பொருள் எப்போது கழிய வேண்டும், விற்கும்போதா, சமைக்கும்போதா? ஓடூ ரெசிபியில் இரண்டு வகை வைத்திருக்கிறது. Kit என்று குறித்தால், பில் போட்ட பொருளைப் பிரித்து அதன் சாமான்களை நேராக ஸ்டாக்கிலிருந்து கழிக்கும். Manufacture this product என்று குறித்தால், சமைத்து முடித்ததும் யாராவது பதிவு செய்ய வேண்டும். அப்போது சாமான் குறைந்து, சமைத்த பண்டம் ஸ்டாக்கில் ஏறும்.

கொத்து பரோட்டா ஆர்டர் வந்த பிறகு கல்லில் போடுவது. அதற்கு Kit சரி. சால்னா அப்படியல்ல, மாலையிலேயே ஐந்து லிட்டர் கொதித்துவிடும். அதையும் Kit ஆக்கினால், விற்காமல் மிஞ்சி இரவு கொட்டிய இரண்டு லிட்டரின் வெங்காயமும் தேங்காயும் ஸ்டாக்கில் இருப்பதாகவே கணக்கு காட்டும். விரயம் கண்ணுக்கே தெரியாது. சால்னா, பிரியாணி, பரோட்டா மாவு எல்லாம் இரண்டாவது வகையில்தான் வர வேண்டும். கொத்து பரோட்டாவின் Kit-க்குள் சால்னா ஒரு சாமானாக இருக்கும். மிஞ்சியதை இரவில் கழிவாகப் பதிவு செய்ய வேண்டும்.

இதற்கு ஒரு ஆள் பொறுப்பெடுக்க வேண்டும். சால்னா இறக்கியதும் பதிவு செய்ய மறந்தால் விற்பனை நிற்காது. ஓடூ ஸ்டாக்கை மைனஸுக்குப் போகவிடும். திரையில் சால்னா மைனஸில் இருந்து, வெங்காயம் வழக்கத்துக்கு மேல் இருப்பதாகக் காட்டினால், பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு வாரக் கணக்கைப் பார்ப்போம். ஆரம்பத்தில் வெங்காயம் 4 கிலோ. வாங்கியது 15 கிலோ. கொத்து பரோட்டா 120 ப்ளேட், 68 கிராம் வீதம் 8.16 கிலோ. சால்னா ஆறு தடவை, தடவைக்கு 1.2 கிலோ என்று 7.2 கிலோ. திரையில் மிச்சம் 3.64 கிலோ. தராசில் நின்றது 1.6 கிலோ. 2.04 கிலோவைக் காணோம்.

திருட்டு என்று பாய வேண்டாம். 2.04 கிலோவை 120-ஆல் வகுத்தால் ப்ளேட்டுக்குச் சரியாக 17 கிராம். இப்படிச் சீராகப் பிரிகிற வித்தியாசம் ரெசிபியில் ஏதோ விட்டுப்போனதன் அடையாளமாக இருக்கலாம். விட்டுப்போனது கூடவே கொடுக்கிற வெங்காயப் பச்சடி. அதையும் ரெசிபியில் சேர்த்தபின் மறுவாரம் தராசும் திரையும் நெருங்கி வந்தன. அழுகல், கைதவறல், சொல்லாமல் எடுத்தது இவையெல்லாம் இப்படி ப்ளேட் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறாது. ஒரு நாள் குதிக்கும், ஒரு நாள் இருக்காது. வாரம் ஒரு முறை எடை போட்டு, Physical Inventory பக்கத்தில் எண்ணிய அளவை ஏற்றினால் போதும். எல்லாச் சாமானையும் நிறுக்க வேண்டியதில்லை. வெங்காயம், கோழி, எண்ணெய், முட்டை என்று செலவு அதிகமுள்ள நாலைந்து பொருள் போதும்.

பழகும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஓடூவின் பில்லிங் பகுதி ஸ்டாக்கை அன்றைய செஷனை மூடும்போதுதான் கழிக்கும்படி அமைந்திருக்கலாம். ஒவ்வொரு பில்லுக்கும் உடனே குறைய வேண்டுமானால் அமைப்புகளில் In real time என்று மாற்ற வேண்டும். இரவு எட்டு மணிக்கு முட்டை தீரப்போகிறதா என்று பார்க்க விரும்புகிற கிச்சனுக்கு இது அவசியம். அப்படி மாற்றினால் கொத்து பரோட்டாவின் பக்கத்திலேயே, இருக்கிற சாமானுக்கு இன்னும் எத்தனை ப்ளேட் வரும் என்று தெரியும். எனக்கு இந்த வசதி மிகவும் பிடித்தது.

இன்னொன்று ரீஃபண்ட். கெட்டுப்போனது என்று வாடிக்கையாளர் திருப்பிய ப்ளேட்டுக்குப் பணம் திருப்பினால், ஓடூ அதைத் துணிக்கடைச் சரக்குபோலத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. முட்டையும் வெங்காயமும் மீண்டும் ஸ்டாக்கில் ஏறும். கையோடு அவற்றைக் கழிவாகப் பதியாவிட்டால், ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் ஒரு இல்லாத முட்டை கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

ஸ்விக்கி, சொமேட்டோ ஆர்டர்கள் கம்யூனிட்டி பதிப்புக்குத் தானாக வந்து சேராது. ஆள் உட்கார்ந்து மறுபடி பில் போட வேண்டும். ஒரு மணி நேரத்தில் நாலைந்து ஆர்டர் வருகிற இடத்தில் அது சமாளிக்கக்கூடியது. ஞாயிறு இரவில் இருபது, முப்பது வரும் கிச்சனில் விட்டுப்போகிற பில்களே ஸ்டாக்கைக் கெடுத்துவிடும். அங்கே ஆர்டர்கள் நேராக வந்திறங்கும் பில்லிங் மென்பொருளின் ரெசிபி வசதியை எடுப்பதே சரி. வாங்கும் முன் அந்த விற்பனையாளரிடம் சால்னாவைத் தனிப் பண்டமாக ஏற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.