குட்வில் என்னும் மிச்சக் கணக்கு

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடை கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 30 லட்சம், அலமாரியும் மரச்சாமானும் 5 லட்சம், கொடுக்க வேண்டிய பாக்கி 10 லட்சம். கணக்குப்படி நிகரமாக 25 லட்சம்தான். விற்பவரோ 40 லட்சத்துக்குக் கீழே இறங்க மாட்டார். கூடுதலாகக் கேட்கும் அந்த 15 லட்சத்துக்குக் கடைத்தெருவில் பெயர் ‘குட்வில்’. நம் கணக்கியல் பாடநூல்களில் அது ‘நற்பெயர்’. ஆனால் விற்றவரின் ஏட்டில் இந்தப் 15 லட்சம் ஒருநாளும் இருந்ததில்லை. முப்பது வருடம் கடை நடத்திச் சேர்த்த பெயர் அவருடையது. அது சொத்தாக ஏறுவது மட்டும் வாங்கியவரின் ஏட்டில்தான்.

கம்பெனிகளுக்கும் இதுதான் விதி. வடமங்கலத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் இந்துஸ்தான் யூனிலீவரை எடுத்துக்கொள்ளலாம். ஹார்லிக்ஸ், பூஸ்ட் விற்றுவந்த கிளாக்ஸோஸ்மித்கிளைன் கன்ஸ்யூமர் ஹெல்த்கேரைத் தன்னோடு இணைத்துக்கொள்ளப்போவதாக அது 2018 டிசம்பரில் அறிவித்தது. ரொக்கம் இல்லை, பங்குக்குப் பங்கு: அந்த நிறுவனத்தின் ஒவ்வொரு பங்குக்கும் 4.39 யூனிலீவர் பங்குகள். அன்றைய சந்தை விலையில் இதன் மதிப்பு ஏறத்தாழ 31,700 கோடி ரூபாய்.

இணைப்பு நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரல் 1 அன்று. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. கொடுத்த விலையைக் கையகப்படுத்திய நாளின் சந்தை மதிப்பில்தான் எழுத வேண்டும் என்கிறது இந்திய கணக்கியல் தரம் 103. சோப்பும் டீயும் விற்கும் கம்பெனியின் பங்கு அதற்குள் 2,180 ரூபாய் அளவுக்கு ஏறியிருந்தது. கொடுத்த பங்குகள் ஏறத்தாழ 18.46 கோடி. பெருக்கினால் 40,242 கோடி. வந்த பிராண்டுகள், ஆலைகள், சரக்கு எல்லாவற்றையும் சந்தை மதிப்பில் எழுதி, கடன்களையும் பின்னாளில் வரக்கூடிய வரியையும் கழித்தபோது நின்றது சுமார் 22,900 கோடி. மீதி 17,316 கோடி ரூபாய்தான் நற்பெயர்.

இங்கேதான் எனக்கு இடறுகிறது. ஒப்பந்த விகிதம் மாறவில்லை. அறிவிப்புக்கும் இணைப்புக்கும் இடையில் விலை மட்டும் சுமார் 8,500 கோடி கூடியது. அது நற்பெயர்த் தொகையில் ஏறத்தாழ பாதி. ஹார்லிக்ஸின் பெயர் அந்தப் பதினாறு மாதங்களில் அவ்வளவு வளர்ந்துவிடவில்லை. வளர்ந்தது வாங்கியவரின் பங்கு விலை. பெயர் ‘நற்பெயர்’ என்றாலும், நடைமுறையில் இது கழித்தலில் நின்ற மிச்சம். அந்த மிச்சத்துக்குள் எதிர்பார்ப்பும் இருக்கும், சந்தையின் மனநிலையும் இருக்கும், சில வேளை வாங்கியவரின் ஏமாளித்தனமும் இருக்கும். எது எவ்வளவு என்று ஏடு பிரித்துச் சொல்லாது.

ஆனாலும் இந்த முறையில் ஒரு நேர்மை இருப்பதை மறுக்க மாட்டேன். இணைப்புக்கு முன் யூனிலீவரின் நிகர மதிப்பு ஏறத்தாழ 8,000 கோடி. ஆண்டு லாபம் அதில் எண்பது சதவீதத்துக்கும் மேல். இணைத்த ஆண்டின் முடிவில் நிகர மதிப்பு 47,000 கோடியைத் தாண்டியது. லாப விகிதம் பதினேழு சதவீதம் அளவுக்கு இறங்கியது. வாங்கியதற்குக் கொடுத்த விலை முழுவதும் முதலீடாக ஏட்டில் நிற்பதால், அதற்கு ஈடான லாபம் வருகிறதா என்று கேட்க முடிகிறது. அதே ஏட்டில் லக்ஸுக்கும் சர்ஃப் எக்செலுக்கும் இப்படியொரு மதிப்பு கிடையாது. அவை வீட்டிலேயே வளர்ந்தவை. பெற்ற பிள்ளைக்குக் கணக்கில்லை, தத்தெடுத்த பிள்ளைக்கு மட்டும் கணக்கு!

பெரிய குறை பிறகு வருகிறது. இணைப்புகளுக்கான பழைய தரம் 14, இந்தத் தொகையைப் பொதுவாக ஐந்தாண்டுக்குள் கழித்துத் தீர்க்கச் சொன்னது. இப்போது ஆண்டுதோறும் கழிப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மதிப்புக் குறைந்திருக்கிறதா என்று சோதித்தால் போதும். அந்தச் சோதனை நிர்வாகமே போடும் எதிர்கால விற்பனைக் கணிப்பில் நிற்கிறது. வளர்ச்சி விகிதத்தை அரை சதவீதம் கூட்டினாலே விடை மாறிவிடும். வாங்கிய தொழிலை ஏற்கெனவே நன்றாக ஓடும் தொழிலோடு ஒரே அலகாகச் சேர்த்துச் சோதித்தால், பழையதன் உபரி புதியதன் ஓட்டையை மறைத்துவிடும். அதனால் மதிப்புக் குறைவு அறிவிப்பு பெரும்பாலும் ஊருக்கே தெரிந்த பிறகுதான் வருகிறது. டாடா ஸ்டீல் 2007இல் கோரஸை வாங்கியது. ஐரோப்பிய எஃகுச் சந்தை 2008 முதலே சரிந்து கிடந்தது. 8,356 கோடி ரூபாய் மதிப்புக் குறைவு அறிவிக்கப்பட்டது 2013 மேயில்.

ஆண்டறிக்கையைக் கையில் எடுப்பவர் நற்பெயர்த் தொகையோடு நிற்காமல், அதற்கான பின்குறிப்பில் மூன்றைப் பார்க்கலாம்: எந்த அலகோடு சேர்த்துச் சோதித்தார்கள், என்ன வளர்ச்சி விகிதம், என்ன தள்ளுபடி விகிதம். விற்பனை தேங்கும்போதும் வளர்ச்சிக் கணிப்பு அசையாமல் நின்றால் சந்தேகப்படலாம். 2024 ஏப்ரலில், ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் பானங்களை விற்க வேண்டாம் என்று இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்ன பிறகு, யூனிலீவர் ஹார்லிக்ஸ் வகையின் பெயரிலிருந்து ‘ஹெல்த்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய மாதக் கடைசியில் முடிந்த நிதியாண்டின் ஏட்டில், நற்பெயர் 17,316 கோடியாகவே இருந்தது.