செரோக் தோக்குன் பாறையும் ஓர் ஆய்வேட்டின் கடைசி இயலும்

புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் தேவாலய வளாகத்தில் ஒரு கருங்கல் பாறை இருக்கிறது. ஜூலை மாதத் திருவிழாவுக்கு வருகிறவர்களில் பலர் அதைக் கவனிக்காமலே கடந்து போயிருப்பார்கள். செரோக் தோக்குன் பாறை என்று அதற்குப் பெயர். அதன் மேல் பழைய எழுத்துகள் துண்டு துண்டாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கர்னல் ஜேம்ஸ் லோ 1845இல் அவற்றைக் கண்டு படியெடுத்தார். கல்கத்தாவில் வெளிவந்த வங்காள ஆசியக் கழக இதழில் 1848இல் லெய்ட்லே என்பவரின் வாசிப்பும் அச்சானது. அந்தப் பழைய வாசிப்பில் ராமௌனிபன் என்று ஓர் அரசன் பெயர் வருகிறது. அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு பிற்காலத்தார் கட்டிய கோட்டைகள் பல.

ஆய்வேட்டின் முடிவுரை இயலை ரசிக்கக் கற்றுக்கொள்ள இந்தப் பாறையைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. முடிவுரையை ரசிப்பதா என்று கேட்காதீர்கள். சங்கீதம் கேட்கிறவர் சுருதி சேர்ந்த இடத்தை உணர்வதுபோல, சான்றும் சொல்லும் சரியாகச் சேர்ந்து நிற்கிற வாக்கியத்தை உணரும் காதும் உண்டு. அந்தக் காது வாய்க்க ஒரே முடிவுரையின் முதல் வரைவையும் திருத்திய வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இந்தப் பாறையைப் பற்றி ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவின் கடைசிப் பக்கம் இப்படி இருக்கும். மாதிரிக்காக நான் எழுதியதுதான், ஆனால் இந்த நடையைப் படிக்காதவர்கள் நம்மில் குறைவு:

‘இவ்வாய்வின் வழி, பல்லவர் ஆட்சி புக்கிட் மெர்தாஜாம் வரை பரவியிருந்தது என்பது வெள்ளிடைமலையென நிறுவப்பட்டது. காலமும் பொருளும் போதாமையால் சில குறைகள் நேர்ந்திருக்கலாம். எனினும் இவ்வாய்வு வருங்கால ஆய்வாளர்களுக்குப் பெரிதும் துணைபுரியும் எனலாம்.’

திருத்திய வரைவு:

‘செரோக் தோக்குன் பாறையின் எழுத்துகள் பல்லவ எழுத்து என்று வழங்கும் தென்னிந்திய வகையைச் சேர்ந்தவை. பாறை பெயர்த்து வரக்கூடியது அன்று. ஆகவே அவை இங்கேயே செதுக்கப்பட்டவை. எழுத்தின் வடிவைக் கொண்டு மட்டுமே காலம் கணித்திருப்பதால், ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டு என்பதற்கு மேல் நெருக்கிச் சொல்லவில்லை. செதுக்கியவர் எந்த ஊரார், எந்த அரசுக்கு உட்பட்டவர் என்பதற்கு இங்கே சான்று இல்லை. தேய்ந்துபோன எழுத்துகளை 1848இல் அச்சான படியைக் கொண்டு வாசித்திருக்கிறேன். அவ்வாசிப்பு தவறானால் அரசன் பெயர் மாறும். காலக் கணிப்பு மாறாது.’

இரண்டாவதைப் படிக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது அதன் துணிவு. ‘இங்கேயே செதுக்கப்பட்டவை’ என்று ஒரே வெட்டாகச் சொல்கிறது. அங்கே ‘எனலாம்’ இல்லை, ‘போலும்’ இல்லை. அந்தத் துணிவுக்குக் காரணம் பாறையின் கனம். இதே லோ 1834இல் செபராங் பிறையின் வடபகுதியில் இன்னொரு கல்லைக் கண்டெடுத்தார். அதில் புத்தகுப்தன் என்ற பெருங்கப்பலோட்டியின் பெயரும் பயணம் நலமாக முடிய வேண்டும் என்ற வேண்டுதலும் உண்டு. அது ஒரு பலகைக்கல். இன்று கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே கொண்டுபோக முடிந்த ஒன்றை முன்பு எங்கிருந்தோ இங்கே கொண்டுவந்திருக்கவும் முடியும். ஆகவே அந்தக் கல்லைப் பற்றி எழுதுகிறவர் ‘இங்கே செதுக்கப்பட்டது’ என்று இதே உறுதியோடு எழுதினால் சுருதி பிசகிவிடும். ஒரே வட்டாரம், ஒரே வகை எழுத்து, ஏறத்தாழ ஒரே காலம். ஆனாலும் ஒன்றுக்குப் பொருந்தும் வினைச்சொல் மற்றதற்குப் பொருந்தாது.

புத்தகுப்தன் கல் இன்னொன்றும் சொல்லித்தருகிறது. அவன் ரக்தமிருத்திகை என்ற ஊரைச் சேர்ந்தவன் என்று அந்தக் கல்லிலேயே இருக்கிறது. அந்த ஊரை வங்காளத்து முர்ஷிதாபாத் பக்கம் வைத்துத்தான் அறிஞர்கள் பேசுகிறார்கள். எழுத்தோ தென்னிந்திய வகை. வங்காளத்துக்காரன் பெயரைத் தென்னாட்டு எழுத்து தாங்கி நிற்கிறது என்றால், எழுத்தை வைத்து ஆளின் ஊரைச் சொல்ல முடியாது. ஊரையே சொல்ல முடியாதபோது அவனை ஆண்ட அரசைச் சொல்வது எப்படி? ‘பல்லவ எழுத்து’ என்பதும் பிற்கால அறிஞர்கள் வைத்த பெயர்தான். பெயரில் பல்லவர் இருப்பதாலேயே பாறையில் பல்லவர் ஆட்சி வந்துவிடாது. முதல் வரைவு தடுக்கி விழுந்தது சரியாக இந்த இடத்தில்தான். அது விழுந்ததைக் காட்டிக்கொடுக்கும் சொல் ‘வெள்ளிடைமலை’. ‘என்பதில் ஐயமில்லை’, ‘திண்ணம்’, ‘உள்ளங்கை நெல்லிக்கனி’ எல்லாம் இந்தச் சாதிதான். ஆய்வேட்டில் இவற்றைக் கண்டால் அங்கே விரலை வைத்துக்கொண்டு முந்தைய இயல்களைப் புரட்டிப் பாருங்கள். சான்று மெலிந்திருக்கும் இடத்தில்தான் இந்தச் சொற்கள் பெரும்பாலும் வந்து முட்டுக்கொடுக்கின்றன.

எதிர்ப்பக்கக் குற்றமும் உண்டு. நம் ஆய்வேடுகளில் ‘எனலாம்’ என்பது ஒரு நோயாகவே பரவியிருக்கிறது. சந்தேகமே இல்லாததற்கும் எனலாம், ஆதாரமே இல்லாததற்கும் எனலாம். எல்லா வாக்கியமும் ஒரே சொல்லில் முடிந்தால் எது உறுதி, எது ஊகம் என்று படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? தன்னடக்கம் என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் பல மாதம் பாறையடியில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்த்த ஒருவர் ‘இவை தென்னிந்திய வகை எழுத்துகள் எனலாம்’ என்று எழுதுவது அடக்கம் அன்று. கண்டறிந்ததைப் படிப்பவரிடம் ஒப்படைக்காமல் கையிலேயே வைத்துக்கொள்வது அது. நல்ல முடிவுரையில் ‘காட்டுகிறது’, ‘உணர்த்துகிறது’, ‘இடமளிக்கிறது’, ‘சான்று இல்லை’ என்று வினைகள் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியும் எங்கே இருக்கிறது என்று காலால் தொட்டுப் பார்த்து இறங்குகிற சுகமே தனி.

அடுத்து, குறைகளைச் சொல்லும் பகுதி. பலர் தாவிப் போய்விடும் இந்தப் பகுதியில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். நம் மாணவர்கள் இங்கே இரண்டைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று ஆய்வு எல்லை: செரோக் தோக்குனை மட்டும் எடுத்துக்கொண்டேன், கெடாவின் மற்றக் கல்வெட்டுகளை எடுக்கவில்லை என்பது. அது ஆய்வாளர் தாமாகப் போட்ட வேலி. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. முன்னுரையில் ஒருமுறை சொன்னால் போதும். மற்றது ஆய்வின் குறை: போட்ட வேலிக்குள்ளேயே எட்ட முடியாமல் போனது. தேய்ந்த எழுத்துகளைக் கல்லில் நேரே படிக்க முடியாமல் பழைய அச்சுப் படியை நம்ப நேர்ந்தது குறை. எல்லையைக் குறை என்று எழுதிவிட்டால் உண்மையான குறை வெளியில் வராமலே தப்பிவிடுகிறது.

‘காலமும் பொருளும் போதாமையால்’ என்ற தொடர் எந்த ஆய்வேட்டிலும் உட்காரும். பாறை ஆய்வை எடுத்துவிட்டு ரப்பர் மர ஆய்வை வைத்தாலும் ஒரு சொல்லை மாற்ற வேண்டாம். ஒரு வாக்கியம் வெறுமையானதா என்று அறிய இதுதான் என் சோதனை. திருத்திய வரைவின் குறையை வேறு ஆய்வேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதைவிட முக்கியம், அந்தக் குறை எதைத் தொடுகிறது, எதைத் தொடாது என்று அது சொல்லிவிடுகிறது: அரசன் பெயர் மாறும், காலக் கணிப்பு மாறாது. ஏனென்றால் பெயர் தேய்ந்த எழுத்துகளைச் சார்ந்தது. காலமோ தெளிவாக நிற்கிற எழுத்துகளின் வடிவைச் சார்ந்தது. வாய்மொழித் தேர்வில் எழக்கூடிய கேள்விக்கான பதில் அந்த அரை வரியில் இருக்கிறது. நாளை யாராவது பாறையைப் புதிய கருவிகொண்டு படமெடுத்தால் ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்படி அளந்து சொன்னதால் என்ன ஆகும், அளக்காமல் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே சாட்சி இருக்கிறது. குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் 1930களில் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தார்கள். 1940இல் வந்த அவர்களின் அறிக்கை, பழங்கால இந்தியர் மலாயாவில் ‘குடியேற்றம்’ நடத்தினார்கள் என்பதைத் தலைப்பிலேயே வைத்தது. அந்தச் சொல்லை இன்றைய அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. கோயில் அடித்தளங்களும் பானையோடுகளும் வணிகத் தொடர்பைச் சொல்லலாம், குடியேற்ற ஆட்சியைச் சொல்லா என்கிறார்கள். ஆனால் வேல்ஸ் அந்த இடங்களுக்கு வரிசையாகக் கொடுத்த எண்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பிறகு அலஸ்டர் லாம்ப் தோண்டி ஆராய்ந்த புக்கிட் பத்து பகாட் கோயில் ஆய்வு நூல்களில் எட்டாம் எண் இடம்தான். ‘இன்ன இடத்தில் இன்னது இருந்தது’ என்ற எளிய பங்களிப்பு நின்றது. அதன் தலைமேல் ஏற்றிய பெரிய சொல் சரிந்தது.

பகதூர் சந்த் சாப்ராவின் ஆய்வை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லெய்டனில் ஃபோகலிடம் பயின்று முனைவர் பட்டத்துக்காக அவர் எழுதி, 1935இல் ஆசியக் கழக இதழில் வெளிவந்தது அது. பல்லவர் காலத்தில் பண்பாடு கடல் கடந்து பரவியதைப் பற்றிய ஆய்வு. தலைப்பில் ‘பரவல்’ என்ற பெரிய சொல் அங்கேயும் இருக்கிறது. இன்று அதோடும் வாதாடலாம். ஆனால் தலைப்பின் முடிவில் ‘கல்வெட்டுகள் காட்டும் அளவில்’ என்ற பொருளில் ஒரு சிறு தொடரையும் சேர்த்திருக்கிறார். என் கையில் இருப்பவை கல்வெட்டுகள்தாம் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுகிறது அந்தத் தொடர்.

இனி ஓர் ஆய்வேடு கையில் கிடைத்தால் இயல்வாரியாக ‘முதல் இயலில் இது, இரண்டாம் இயலில் அது’ என்று சுருக்கும் பக்கங்களை விட்டுவிடுங்கள். அது பொருளடக்கம், முடிவுரை அன்று. பங்களிப்பு என்று சொல்லும் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தப் பக்கத்துச் சான்றின் மேல் நிற்கிறது என்று தேடுங்கள். அந்தச் சான்று பிசகினால் என்ன மாறும் என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

அடுத்த ஜூலையில் செயின்ட் ஆன்ஸ் திருவிழாவுக்கு வந்தால், மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அந்தப் பாறைவரை நடந்துவிட்டுப் போங்கள். எழுத்துகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.