அம்மம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரே படம்

வீட்டில் ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் காது கேட்காது என்றால் படம் போடுகிறவர் இரண்டு வசதிகளைத் தேட வேண்டும். ஒன்று, வசனங்களுக்கு இடையில் காட்சியைச் சொல்லும் விவரிப்புக் குரல். மற்றது, வசனத்தோடு ஓசைகளையும் எழுதிக் காட்டும் விவர வரிகள். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். படுவான்கரையில் எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அம்மம்மாவுக்குத் திரையில் ஓடும் எழுத்து தெரியாது. மாமாவுக்கு விவரிப்புக் குரல் கேட்காது. இடைஞ்சல் என்று முணுமுணுப்பது கண்ணும் காதும் நன்றாக உள்ள நாங்கள்தான்.

வரிகளில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் வெறும் வசன வரிகள். திரைக்கு வெளியே போன் அடிக்கும் காட்சியைப் பாருங்கள். '(போன் மணி)' என்று எழுத்து வராவிட்டால் அது விவர வரி அல்ல. கதாநாயகி ஏன் திடுக்கிட்டாள் என்று மாமா எங்களைத்தான் கேட்க வேண்டும்.

விவரிப்புக் குரலின் குறை இதைவிடப் பெரியது. நெட்பிளிக்ஸ் அதை 2015 ஏப்ரலில், பார்வையற்ற நாயகனின் கதையான 'டேர்டெவில்' தொடரோடு தொடங்கியது. ஆனால் மொழிப் பட்டியலைத் திறந்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் English - Audio Description தான். தமிழ் மட்டும் தெரிந்த அம்மம்மாவுக்கு அதனால் பயனில்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டுச் சொல்கிறார்.

இதில் நன்மையும் இருக்கிறது. நம் படங்களில் வசனமும் பாட்டும் இடைவெளி விடாமல் ஓடும். பல காட்சிகளில் பதிவுசெய்த குரல் நுழைய இடமே இராது. வீட்டு ஆள் படத்தை நிறுத்திவிட்டுச் சொல்லலாம், அம்மம்மாவும் திருப்பிக் கேட்கலாம். வீட்டு ஆள் தவறுவது அடக்கத்தில்தான். ஒருவன் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தபடி வருகிறான். நல்ல விவரிப்பாளர் அதை மட்டும் சொல்வார். எங்கள் பையனோ "இவன் கொல்லப்போறான்" என்றான், அதுவும் வசனத்துக்கு மேலேயே. அம்மம்மா அவன் கையைப் பிடித்தார்: "முடிவைச் சொல்லாத மனே. கையில என்ன இருக்கெண்டு மட்டும் சொல்லு." அவர் கேட்டது கதையை அல்ல, தானே ஊகிக்கும் உரிமையை.

தியேட்டர்களில் கைபேசிச் செயலி படத்தின் ஒலியைக் கேட்டு, விவரிப்பை அதோடு பொருத்திக் காதுக்குள் சொல்கிறது. வீட்டில் விவரிப்புக்காக இரண்டாவது போனில் அதே படத்தை ஓடவிட்டால் நொடிக்கணக்கில் பிந்தி, எல்லாம் குழம்பிவிடும்.

இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சு 2024 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல், தியேட்டருக்கு வரும் படங்களில் இவ்வசதிகளைக் கேட்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தணிக்கை பெறும் படங்களுக்கு ஆறு மாத அவகாசமே தந்தது. அப்படித் தயாராகும் தமிழ் விவரிப்பையும் வரிகளையும் தியேட்டரோடு நிறுத்திவிடாமல், இலங்கையில் நாங்கள் காசு கட்டிப் பார்க்கும் இணையப் பதிப்பிலும் சேர்த்துத் தாருங்கள் என்று தமிழ்ப்படத் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.