சம்பளக் கணக்கை மாற்றும்போது: இங்கே கேன்சல்டு செக், அங்கே பழைய வங்கியின் கடிதம்

வேலையில் இருப்பவர் சம்பளம் விழும் வங்கிக் கணக்கை மாற்ற வேண்டுமானால், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒரு விண்ணப்பமும் புதுக் கணக்குக்கு ஓர் ஆதாரமும் கொடுக்க வேண்டும். அதுவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் விண்ணப்பத்தை வாங்குபவர் முதலில் எதைப் பார்க்கிறார் என்பதில் இரு நாடுகளும் பிரிகின்றன. இந்தியாவில் ‘இந்தப் புதுக் கணக்கு உன்னுடையதுதானா?’ என்று பார்க்கிறார்கள். இலங்கையில், முக்கியமாக அரச ஊழியர்களிடம், ‘பழைய வங்கி உன்னை விட்டுவிட்டதா?’ என்பதே பெரிய கேள்வி.

இந்தியப் பக்கத்தை முதலில் பார்ப்போம். கோவையில் ஒரு தனியார் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் வேறு வங்கிக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளப் பிரிவு அவரிடம் கேட்பது கேன்சல்டு செக். காசோலையின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் ‘CANCELLED’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்து போடக் கூடாது. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் கோட்டுக்கு அடியில் மறைந்துவிடக் கூடாது. சேமிப்புக் கணக்குக்கும் காசோலைப் புத்தகம் தருவது இந்திய வங்கிகளின் வழக்கம் என்பதால்தான் இந்த ஆதாரம் இங்கே இவ்வளவு எளிதாகிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கணக்குத் தொடங்கிய அன்றே கையில் தரும் காசோலைகளில் பல சமயம் பெயர் அச்சாகியிருக்காது. அதைக் கொடுத்தால் திரும்பி வரும். அப்போது பாஸ்புக்கின் முதல் பக்கத்தையோ, வங்கி முத்திரையுள்ள கணக்கு அறிக்கையையோ கொடுக்க வேண்டும். கைபேசிச் செயலியின் திரைப்பதிவைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. அதில் எண்ணைத் திருத்துவது யாருக்கும் எளிது என்பதால் அது நியாயமான மறுப்புதான்.

பெயரில் இத்தனை கறார் எதற்கு என்று தோன்றும். மின்வழிப் பணப் பரிமாற்றத்தில் பணத்தை வரவு வைக்கக் கணக்கு எண் ஒன்றே போதும் என்று ரிசர்வ் வங்கி 2010-இல் வகுத்தது. பெயர் ஒருவருடையதாகவும் எண் இன்னொருவருடையதாகவும் இருந்தால், பணம் எண்ணுக்கு உரியவருக்கே போய்ச் சேரும். இல்லாத எண் என்றால் பணம் நிறுவனத்துக்கே திரும்பிவிடும், தாமதத்தோடு தப்பிக்கலாம். இருக்கிற இன்னொருவரின் எண்ணாகிவிட்டால் அவர் சம்மதித்தால்தான் பணம் சிக்கலில்லாமல் திரும்பும். அதனால்தான் பல நிறுவனங்கள் புதுக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பி, வங்கியில் பதிவாகியுள்ள பெயர் என்னவென்று பார்க்கின்றன. அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் தனித் தொல்லை ஒன்று இருக்கிறது. அலுவலகப் பதிவேட்டில் பெயருக்கு முன் ஒற்றை முன்னெழுத்து இருக்கும். வங்கியில் அப்பா பெயர் முழுதாக, பெயருக்குப் பின்னால் இருக்கும். ஒப்பிடும் மென்பொருள் இரண்டும் வேறு ஆட்கள் என்று நிறுத்திவைக்கும். ‘இரு பெயரும் என்னுடையவையே’ என்று ஒரு வரியும், வங்கியில் உள்ளபடி பெயர் இருக்கும் ஓர் அடையாள அட்டையின் நகலும் விண்ணப்பத்தோடு முதலிலேயே வைத்துவிட்டால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அங்கே ஓர் அரச பாடசாலை ஆசிரியை தன் சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றக் கேட்கிறார். அவரது கடிதம் அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக்குப் போகிறது. இலங்கையில் காசோலைப் புத்தகம் பெரும்பாலும் நடைமுறைக் கணக்குக்கே உரியது. சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவரிடம் கோடு போட்டுக் கொடுக்கக் காசோலையே இருக்காது. ஆகவே வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதியும் தேசிய அடையாள அட்டைப் பிரதியும் ஆதாரமாகின்றன. வங்கிக்கு நாலு இலக்கக் குறியீடு, கிளைக்கு மூன்று இலக்கக் குறியீடு. இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135. இவற்றோடு கணக்கு எண்ணும் சேர்ந்துதான் சிலிப்ஸ் எனப்படும் வங்கிகளிடைக் கொடுப்பனவு முறையில் சம்பளம் போகிறது. ஆகவே கிளைக் குறியீட்டையும் கடிதத்தில் எழுத வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால், ஒரே ஊரில் அதே வங்கிக்கு இரண்டு கிளை இருக்கும்போது குழப்பம் வரும்.

ஆனால் ஆசிரியையின் கடிதம் நிற்பது இதனால் அல்ல. மூன்று வருடத்துக்கு முன் பழைய வங்கியில் அவர் கடன் எடுத்திருந்தார். அப்போது, கடன் தீரும்வரை இவரது சம்பளத்தை இந்தக் கிளைக்கே அனுப்புவோம் என்று அலுவலகம் வங்கிக்கு எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறது. அந்த உறுதி கோப்பில் இருக்கிறது. கணக்காளர் அதை மீறி ஒரு மாதச் சம்பளத்தை வேறு வங்கிக்கு அனுப்பிவிட்டால் பழைய வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டியது அவரது அலுவலகம். ஆகவே அவர் கேட்பது சரிதான்: பழைய வங்கியிடமிருந்து கடன் தீர்ந்தது என்றோ, மாற்றுவதற்கு ஆட்சேபனை இல்லை என்றோ ஒரு கடிதம். கடன் இன்னும் இருந்தால் புது வங்கி அதை அடைத்துத் தன் பேருக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. அதற்கும் அலுவலகத்தின் புது உறுதிக் கடிதம் வேண்டும்.

கோவைக்காரருக்கும் கடன் இருக்கக்கூடும். தனியார் நிறுவனங்களில் சம்பளப் பிரிவு அதைப் பற்றிக் கேட்பதே அபூர்வம். அவரது தவணை பழைய கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி அவரே ஒப்புதல் கொடுத்திருக்கிறார். அந்த ஒப்புதல் சம்பளத்தோடு இடம் மாறாது. மாதம் 42,000 ரூபாய் சம்பளம் புதுக் கணக்கில் விழுகிறது, ஐந்தாம் தேதி 9,400 ரூபாய்த் தவணை பழைய கணக்கைத் தட்டுகிறது, அங்கே 2,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் தவணை திரும்பும். பழைய வங்கியிலும் கடன் கொடுத்த இடத்திலும் அபராதம் விழும், கடன் மதிப்பெண்ணும் குறையும். இலங்கை ஆசிரியைக்கு அலைச்சல் முன்னால் வருகிறது. கோவைக்காரருக்குச் சுலபமாக முடிந்த மாற்றத்தின் விலை அடுத்த மாதம் வருகிறது. பழைய கணக்கில் சம்பளம் விழுவது நின்றதும் பல வங்கிகள் சில மாதங்களில் அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக்கி, குறைந்தபட்ச இருப்பும் கேட்கும்.

வங்கிகள் இணைந்தபோதும் இந்தியாவில் ஒரு தடுமாற்றம் வந்தது. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு சேர்ந்தபின், SYNB என்று தொடங்கும் ஐஎஃப்எஸ்சி எண்கள் 2021 ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. மேசைக்குள் கிடந்த பழைய காசோலையைக் கோடு போட்டுக் கொடுத்தால், அது ஆதாரம் போலத் தெரிந்தாலும் பணம் போகாது.

ஆள்மாறாட்டத்திலும் வித்தியாசம் இருக்கிறது. ஊழியரின் பேரில், அவருடைய முகவரி போலவே தோன்றும் மின்னஞ்சலில் ‘என் கணக்கை மாற்றுங்கள்’ என்று எழுதிச் சம்பளத்தைத் திருப்பும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. அதிபரின் ஒப்பம் பெற்றுத் தாளில் வரும் இலங்கைக் கடிதத்தில் இதைச் செய்வது கடினம். மின்னஞ்சலில் வேலை முடிக்கும் அலுவலகங்கள், ஏற்கெனவே பதிவிலுள்ள கைபேசி எண்ணுக்குத் தாங்களே அழைத்துக் கேட்க வேண்டும். மின்னஞ்சலின் அடியில் இருக்கும் எண்ணை அழைத்தால் மோசடிக்காரரே எடுத்து ஆமாம் என்பார்.

என் கணிப்பில், கணக்கு யாருடையது என்று பார்ப்பதில் இந்திய முறை மேல். கடனை நினைவில் வைப்பதில் இலங்கை முறை மேல். இந்தியச் சம்பளப் பிரிவுகள் படிவத்தில் ‘பழைய கணக்கில் தவணை ஏதும் கழிகிறதா?’ என்று ஒரு வரி சேர்க்கலாம். இலங்கை வங்கிகள், கடன் தீர்ந்த அன்றே அந்தக் கடிதத்தைக் கேட்காமலே கையில் கொடுக்கலாம். நீங்கள் எந்தக் கரையில் இருந்தாலும், எந்த மாதச் சம்பளத்திலிருந்து மாற்றம் வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதுங்கள், சம்பளப் பட்டியல் மூடும் தேதிக்கு முன்னால் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாக ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். புதுக் கணக்கில் முதல் சம்பளம் விழுந்ததைப் பார்க்கும்வரை பழைய கணக்கை மூடாதீர்கள்.